பி.இ., பி.எஸ்சி., கம்பெனிப் பயிற்சி: பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தச் சான்றுக்குக் காசு கொடுப்பது?

பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-க்கு 155 எடுத்திருக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். போக நினைப்பது ஐ.டி. வேலைக்கு. வீட்டில் ஐந்தாறு லட்சம் வரை புரட்ட முடியும். அதற்கு மேல் கடன்தான். அவள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் நான்கு வருடம் பி.இ. படிக்கலாம். அரசு கலைக் கல்லூரியில் மூன்று வருடம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பி.சி.ஏ. படிக்கலாம். இல்லையென்றால் ஹெச்சிஎல்லின் டெக்பீ, ஜோஹோ நடத்தும் பள்ளி போல, பிளஸ் டூ முடித்தவர்களை நேராக எடுத்துப் பயிற்சி தரும் கம்பெனித் திட்டத்தில் சேரலாம்.

இந்த மூன்றையும் ஒப்பிடும்போது வீட்டில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கே நன்றாகச் சொல்லித் தருவார்கள்? கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது பாதிதான். மறு பாதி இது: இவளை நேரில் பார்த்திராத ஒரு ஹெச்.ஆர்., ரெஸ்யூமேவில் அந்தப் பட்டத்தைப் பார்த்ததும் இவளைப் பற்றி என்ன ஊகிப்பார்? சம்பளத்தின் ஒரு பெரிய பங்கு அந்த ஊகத்துக்குத்தான் கிடைக்கிறது.

இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் மைக்கேல் ஸ்பென்ஸ். பட்டத்தை ஒரு ‘சிக்னல்’, அதாவது திறமையை ஊகிக்க உதவும் அடையாளம் என்று பார்க்கும் ஆய்வுகளுக்கு 1973-இல் வந்த அவருடைய கட்டுரையே அடிப்படை. 2001-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அவர் சொன்னதை நம் ஊர்த் தொகைகளில் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள்.

ஒரு கம்பெனிக்கு 100 பேர் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் 40 பேர் எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்பவர்கள். ஒவ்வொருவராலும் கம்பெனிக்கு வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வேலை நடக்கும். மீதி 60 பேரால் 3 லட்சத்துக்குத்தான் நடக்கும். யார் எந்த வகை என்று வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. அப்படியானால் எல்லோருக்கும் சராசரியான 4.2 லட்சத்தைத்தான் கம்பெனி கொடுக்க முடியும்.

இப்போது ஒரு பட்டம் வருகிறது. அது எதையுமே கற்றுத் தரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சீக்கிரம் பிடித்துக்கொள்பவருக்கு அதை வாங்குவது எளிது. பணம், உழைப்பு, நேரம் எல்லாவற்றையும் வேலை பார்க்கும் காலத்துக்குப் பரப்பிப் போட்டால் வருடத்துக்கு 2 லட்சம் ஆகிறது. மற்றவருக்கு அரியர், டியூஷன், கூடுதல் செமஸ்டர், மன உளைச்சல் எல்லாம் சேர்ந்து 4 லட்சம் ஆகிறது. பட்டம் இருந்தால் 6 லட்சம், இல்லாவிட்டால் 3 லட்சம் என்று கம்பெனி அறிவிக்கிறது. முதல் வகையினர் பட்டம் வாங்கினால் கையில் நிற்பது 4 லட்சம், வாங்காவிட்டால் 3, ஆகவே வாங்குவார்கள். இரண்டாம் வகையினர் வாங்கினால் நிற்பது 2 லட்சம், வாங்காவிட்டால் 3, ஆகவே விட்டுவிடுவார்கள். ஒரு வரிகூடக் கற்றுத் தராத பட்டம் இருவரையும் சரியாகப் பிரித்துவிட்டது, கம்பெனியின் ஊகமும் பலித்துவிட்டது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, திறமைசாலிகளின் கையில் கடைசியில் நிற்கும் 4 லட்சம், பட்டமே இல்லாத உலகத்தில் கிடைத்திருக்கும் 4.2 லட்சத்தைவிடக் குறைவு. அவர்களுக்கும் நஷ்டம்தான். ஆனால் எல்லோரும் வாங்கும்போது ஒருவர் மட்டும் ‘எனக்கு வேண்டாம்’ என்று நின்றால், அவருடைய சம்பளம் 3 லட்சத்துக்கு இறங்கிவிடும். ‘படிப்பில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவது இதனால்தான். அது முட்டாள்தனம் அல்ல.

இரண்டு, எல்லாம் இரண்டாம் வகையினருக்கு ஆகும் அந்த 4 லட்சம் செலவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. திறமை குறைந்தவருக்கு ஆகும் செலவு 3 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் எல்லோரும் பட்டம் வாங்குவார்கள். அதை வைத்து யாரையும் பிரிக்க முடியாது. கம்பெனி வேறு சல்லடை தேடும்.

தமிழ்நாட்டில் நடந்தது இதுதான். பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-இல் முற்றிலும் நின்றது. கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. ‘பி.இ. முடித்தவர்’ என்பது ஒருவரைப் பற்றி எதையும் சொல்லாத தகவலாக மாறியபோது, கம்பெனிகள் அதன் மேல் வேறு நிபந்தனைகளை ஏற்றின. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், நிலுவை அரியர் கூடாது, இடையில் நீண்ட இடைவெளி கூடாது என்பவை இன்று எந்த கேம்பஸ் அறிவிப்பிலும் இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் ஜாவா எழுதுவதற்கும் தொடர்பு இல்லை. ஆறு வருடமாக ஒரே சீராகப் படித்திருக்கிறாரா என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். அதற்கும் மேல் சொந்தத் தேர்வு. டிசிஎஸ் நடத்திவந்த தேசியத் தகுதித் தேர்வில், ஒரே வகுப்பில் படித்த இருவரில் ஒருவருக்கு வருடம் 3.36 லட்சம் தரும் ‘நிஞ்சா’ இடமும் மற்றவருக்கு 7 லட்சம் தரும் ‘டிஜிட்டல்’ இடமும் கிடைத்தன. பட்டம் இருவருக்கும் ஒன்றுதான். இருமடங்கு சம்பளத்தைத் தீர்மானித்தது சில மணி நேரத் தேர்வும் அதைத் தொடர்ந்த நேர்காணலும்.

2020 கொரோனாக் காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டதும் அன்று எழுந்த எதிர்ப்பும் நினைவிருக்கும். விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. அரியர் இல்லாத மாணவர்களின் கோபத்துக்கு மேலே சொன்ன கணக்கிலேயே நியாயம் இருக்கிறது: அடுத்தவருக்கு ஆகும் செலவு குறையும்போது, ஏற்கெனவே செலவழித்தவரின் சான்று மதிப்பிழக்கிறது.

படிப்பு எவ்வளவு, அடையாளம் எவ்வளவு?

ஒரு பட்டத்தில் திறன் எவ்வளவு, சிக்னல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க மூன்று சோதனைகள் உண்டு.

முதல் சோதனை, கடைசி செமஸ்டரில் நின்றுபோனவரைப் பார்ப்பது. ஏழு செமஸ்டர் முடித்து எட்டாவதில் விட்டவர், முழுப் பட்டம் வாங்கியவர் கற்றதில் பெரும்பகுதியைக் கற்றிருக்கிறார். ஆனால் சந்தை அவரைப் பிளஸ் டூ முடித்தவராகத்தான் நடத்துகிறது. பட்டம் வாங்கும் வருடத்துக்கு மட்டும் சம்பளம் திடீரென ஏறுவதை அமெரிக்கத் தரவுகளில் ஹங்கர்ஃபோர்டும் சோலனும் 1987-இலேயே காட்டினார்கள். இதை முழுக்கவும் சிக்னல் என்று சொல்லிவிட முடியாது. பாதியில் விட்டவர்கள் வேறு விதத்திலும் மாறுபட்டவர்களாக இருக்கலாம். ஆனாலும் வகுப்பில் உட்கார்ந்த நேரத்துக்கு மட்டும்தான் கூலி என்றால் இப்படி ஒரு எகிறல் வரக் காரணம் இல்லை.

இரண்டாவது, பாடத்துக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்ப்பது. பெரிய ஐ.டி. கம்பெனிகள் மெக்கானிக்கல், சிவில் மாணவர்களையும் மென்பொருள் வேலைக்கு எடுக்கின்றன. இன்ஃபோசிஸ் அவர்களை மைசூரு வளாகத்தில் மாதக்கணக்கில் உட்கார வைத்து நிரலாக்கத்தை அடிப்படையிலிருந்து சொல்லித் தருகிறது. வேலைக்கான திறனைக் கம்பெனியே தன் செலவில் கொடுக்கும்போது, தெர்மோடைனமிக்ஸில் பாஸ் செய்ததற்கு அது கொடுக்கும் விலை, ‘கடினமான, பிடிக்காத பாடத்தையும் இவரால் முடிக்க முடியும்’ என்ற தகவலுக்கான விலை.

மூன்றாவது சோதனை எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொலம்பியாவின் முன்னணிப் பல்கலைக்கழகமான லோஸ் ஆண்டெஸ் 2006-இல் பொருளியல் பட்டத்தின் பாடங்களை 20 சதவீதமும் வணிகப் பட்டத்தின் பாடங்களை 14 சதவீதமும் குறைத்தது. சேர்க்கைத் தரம் மாறவில்லை, கல்லூரிப் பெயர் மாறவில்லை. பட்டம் வெறும் அடையாளம்தான் என்றால் சம்பளமும் மாறியிருக்கக் கூடாது. ஆனால் பட்டதாரிகளின் சம்பளம் ஏறக்குறைய 16, 13 சதவீதம் இறங்கியதாக 2018-இல் வெளியான கரோலினா அர்த்தேகாவின் ஆய்வு காட்டுகிறது. பாடம் உண்மையிலேயே வேலைக்குப் பயன்படும் இடத்தில், அதைக் குறைத்தால் சந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. நம் மாணவி மென்பொருளை விட்டுக் கட்டட வடிவமைப்புக்கோ மின் உற்பத்திக்கோ போக நினைத்திருந்தால் இந்த மூன்றாவது சோதனைதான் பெரிது, அவளுக்கு பி.இ.யைத் தவிர வேறு பேச்சில்லை. ஐ.டி. என்பதால்தான் ஒப்பீடே வருகிறது.

மூன்று வழிகள்

பி.இ.யை முதலில் எடுத்துக்கொள்வோம். 2017-இல் நிர்ணயித்தபடி, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கல்விக் கட்டணம் வருடத்துக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பிரிவென்றால் 55,000. நான்கு வருடத்துக்கு 2.2 லட்சம். விடுதி, சாப்பாடு, மற்றவை வருடத்துக்கு 80,000 என்றால் இன்னொரு 3.2 லட்சம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணத்தில் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அப்போது இந்த ஒப்பீடே பி.இ. பக்கம் சாய்ந்துவிடும். நம் மாணவிக்கு அந்த ஒதுக்கீடு இல்லை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5.4 லட்சம், அதோடு நான்கு வருடச் சம்பள இழப்பு.

இந்தக் காசுக்கு என்ன சிக்னல் கிடைக்கிறது என்பது கல்லூரியைப் பொறுத்தது. அதைக் கட்டடமோ விளம்பரமோ சொல்லாது. பார்க்க வேண்டியது இரண்டு பட்டியல். ஒன்று, கடந்த ஆண்டுக் கலந்தாய்வில் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவின் கடைசி இடம் எந்தக் கட்-ஆஃபுக்குப் போனது என்பது. அது 150-க்கு மேல் என்றால், உள்ளே இருப்பவர்கள் ஏற்கெனவே சலிக்கப்பட்டவர்கள். கம்பெனி வருவதும் அதற்காகத்தான். 90-க்கும் இடம் கிடைத்தது என்றால், 155 எடுத்த நம் மாணவி தன்னைக் குறைத்துக் காட்டும் முத்திரையைக் காசு கொடுத்து வாங்குகிறாள். மற்றொன்று, இணைப்புக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் செமஸ்டர் வாரியான தேர்ச்சி சதவீதம். தன்னாட்சிக் கல்லூரி இந்தப் பட்டியலில் பொருந்தாது. அங்கே வினாத்தாளும் மதிப்பீடும் அவர்களுடையவை. எல்லோரும் 8.5 சிஜிபிஏ வாங்கும் தன்னாட்சிக் கல்லூரியில் அந்த 8.5-ஐ எந்த ஹெச்.ஆரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பிளேஸ்மென்ட் சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது. அது எப்படி ஊதுகிறது என்று ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். ஒரு பேட்சில் 240 பேர். அவர்களில் அரியர் இல்லாமல் ‘தகுதியானவர்’ பட்டியலில் வருவது 130 பேர். 70 பேருக்கு வேலை கிடைக்கிறது, சிலருக்கு இரண்டு, மூன்று கம்பெனி என்று மொத்தம் 100 ஆஃபர். கல்லூரி 100-ஐ 130-ஆல் வகுத்து 77 சதவீதம் என்று பலகை வைக்கும். உண்மையில் வேலை கிடைத்தது 240-இல் 70 பேருக்கு, அதாவது 29 சதவீதம். அதிலும் ஆஃபர் வந்து வருடக்கணக்கில் சேரச் சொல்லாமல் காத்திருப்பவர்கள் கழிய வேண்டும். ஆகவே கேட்க வேண்டியது மூன்று எண்கள்: பேட்சில் சேர்ந்தவர் எத்தனை பேர், ஆஃபர் பெற்ற தனி நபர்கள் எத்தனை பேர், பணியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர். மூன்றையும் சொல்லத் தயங்கும் கல்லூரியைத் தாண்டிப் போய்விடலாம்.

பி.எஸ்சி. அல்லது பி.சி.ஏ. வழியில், அரசு கலைக் கல்லூரி என்றால் வருடக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் மூன்று வருடமும் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் அடங்கும். பாடத்தில் நிரலாக்கத்தின் பங்கு பி.இ.க்கு அதிகம் பின்தங்கியதும் அல்ல. இருந்தும் கம்பெனியில் நுழைவுச் சம்பளம் குறைவு, கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளும் குறைவு. கற்பதில் அவ்வளவு வித்தியாசம் இல்லாத இடத்தில் கூலியில் வித்தியாசம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி யார் உள்ளே வந்தார்கள் என்ற ஊகத்துக்கான விலைதான்.

அந்த ஊகத்தை உடைக்க இந்த வழியில் இன்னொரு சல்லடை சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மிச்சமான நாலரை லட்சம் இருக்கிறது. மூன்று வருடத்துக்குப் பின் டான்செட் எழுதி நல்ல கல்லூரியில் இரண்டு வருட எம்.சி.ஏ. சேரலாம். அல்லது பி.எஸ்சி. படிக்கும்போதே ஐஐடி மெட்ராஸின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸில் சேரலாம். அதில் ஜே.இ.இ. கிடையாது, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும், அதன் பிறகும் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாசல் அகலம், உள்ளே போகப் போகச் சல்லடை நெருக்கம். இடையில் டிப்ளமோ நிலையிலேயே நின்றாலும் ஒரு சான்று கையில் வரும். முதல் செமஸ்டரிலேயே இரண்டையும் தொடங்குவதைவிட, கல்லூரியில் ஒரு செமஸ்டரை அரியர் இல்லாமல் முடித்துவிட்டு இதைத் தொடங்குவது நல்லது. இரண்டிலும் சறுக்கினால் இரண்டு சான்றும் கெடும்.

இந்த வழிக்கு இன்னொரு பலம் இருக்கிறது. குரூப் 2, வங்கி அதிகாரி, யு.பி.எஸ்.சி. போன்ற இடங்களில் பட்டம் என்பது ஒரு நுழைவுச் சீட்டு மட்டும். எந்தப் பட்டம், எங்கே படித்தது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. அங்கே மூன்று வருடப் பட்டத்துக்கும் நான்கு வருடப் பட்டத்துக்கும் ஒரே மதிப்பு. பலவீனம் வெளிநாட்டில் இருக்கிறது. அமெரிக்க ஹெச்-1பி விசாவுக்கு அந்நாட்டு நான்காண்டுப் பட்டத்துக்கு இணையான தகுதி வேண்டும். மூன்றாண்டுப் பட்டம் தனியாக அதற்கு ஈடாகாது. குறையும் ஒரு வருடப் படிப்புக்கு மூன்று வருட வேலை அனுபவம் என்ற கணக்கில் ஈடுகட்ட வேண்டும்.

கம்பெனிப் பயிற்சி வழியில் சிக்னல் வேறு விதமாக வேலை செய்கிறது. ஜோஹோ பள்ளியில் கட்டணம் இல்லை, இரண்டு வருடப் பயிற்சி, மாத உதவித்தொகை உண்டு, பட்டம் கிடையாது. டெக்பீயில் பயிற்சிக்குக் கட்டணம் உண்டு, வங்கிக் கடனாகவும் எடுக்கலாம். ஒரு வருடப் பயிற்சிக்குப் பின் வேலை, வேலை பார்த்துக்கொண்டே சாஸ்த்ரா, பிட்ஸ் பிலானி போன்ற இடங்களின் பட்டம். தொடக்கச் சம்பளம் வருடத்துக்கு இரண்டு லட்சத்தை ஒட்டி இருக்கும். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்த ஆண்டின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். இங்கே சல்லடை கம்பெனியின் சொந்தத் தேர்வு. அதற்குப் பின் அந்தக் கம்பெனிக்குள் அவளுடைய வேலையையே பார்த்துவிடுகிறார்கள்; பட்டத்தை வைத்து ஊகிக்க வேண்டிய தேவை அங்கே விழுந்துவிடுகிறது.

இது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. தொடக்கத்தில் ஊழியரின் திறனைப் பற்றி முதலாளிக்கு இருக்கும் தவறான மதிப்பீடு மூன்று வருடத்தில் பாதியாகக் குறைகிறது என்று ஃபேபியன் லாங்கே 2007-இல் அமெரிக்கத் தரவுகளிலிருந்து கணக்கிட்டார். அவளுடன் படித்தவர்கள் பி.இ. முடித்து வெளியே வரும் நேரத்தில், அவளிடம் டெக்பீ என்றால் ஏறக்குறைய மூன்று வருட வேலை அனுபவமும், ஜோஹோ பள்ளி என்றால் இரண்டு வருட அனுபவமும் இருக்கும்.

ஆனால் சிக்கல் வெளியே போகும்போது வருகிறது. அவளைப் பார்த்தது அந்த ஒரு கம்பெனிதான். அடுத்த கம்பெனி பார்க்கவில்லை. வேலைவாய்ப்புத் தளங்களில் ‘முழுநேர பி.இ./பி.டெக்.’ என்று வடிகட்டினால் அவளுடைய ரெஸ்யூமே திறக்கப்படாமலே போகும். இதனால் இப்போதைய கம்பெனிக்கும் அவளைக் குறைந்த சம்பளத்தில் வைத்திருக்க வசதியாகிறது. வெளியே யாருக்கும் அவளுடைய மதிப்பு தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே பொதுவில் காட்டக்கூடிய வேலையோ, வெளியே எல்லோரும் அறிந்த ஒரு தேர்வின் சான்றோ அவள் கையில் இருந்தாக வேண்டும். சேரும் முன் கேட்க வேண்டியவை: எத்தனை வருட ஒப்பந்தம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா, பட்டச் சான்றில் படிப்பின் முறை எப்படிக் குறிப்பிடப்படும்.

155 கட்-ஆஃபில் எதை எடுப்பது?

150-க்கு மேல் மூடும் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐ.டி.யோ எலெக்ட்ரானிக்ஸோ கிடைத்தால், நம் தீர்ப்பு பி.இ. 5.4 லட்சம் அந்தச் சிக்னலுக்குத் தகுந்த விலைதான். கடைசி இடம் 110, 120 வரை இறங்கும் கல்லூரிதான் கிடைக்கிறது என்றால், அதே காசைக் கொடுத்து நான்கு வருடம் படிப்பதைவிட, அரசுக் கல்லூரி பி.எஸ்சி.யும் அதனுடன் ஒரு கடினமான வெளித் தேர்வும் மேல். நிர்வாக ஒதுக்கீட்டில் கூடுதல் பணம் கட்டிப் பெரிய கல்லூரிக்குப் போவது ஓரளவுக்குப் பலிக்கும், ஏனென்றால் கம்பெனி வளாகத்துக்குள் வந்துவிடுகிறது. ஆனால் உள்ளே வைக்கும் தேர்வு கட்-ஆஃபுக்கு உள்ள வேலையைத் திரும்பச் செய்யும். கம்பெனிப் பயிற்சி, வீட்டுக்கு உடனே வருமானம் தேவைப்படும் மாணவிக்கும், ஜோஹோ போலத் தன் ஊழியர்களின் பட்டத்தைப் பெரிதாக எண்ணாத இடத்தில் நுழைய முடிந்தவளுக்கும் நல்ல வழி. மற்றவர்களுக்கு வேலையுடன் பட்டமும் சேர்ந்து வரும் திட்டம் என்றால் மட்டும்.

பி.இ. எடுத்தால், சிக்னலின் பெரும்பகுதி ஆறாவது செமஸ்டர் முடிவதற்குள் தீர்மானமாகிவிடுகிறது, ஏனென்றால் ஏழாவது செமஸ்டர் தொடங்கும்போதே கேம்பஸ் சீசன் வந்துவிடும். எட்டாவது செமஸ்டரில் அரியரை முடித்துவிடலாம் என்று தள்ளிப்போட்டவர், பட்டம் வாங்கிவிடுவார்; ஆனால் கம்பெனி வந்த நாளில் ‘தகுதியானவர்’ பட்டியலில் அவர் பெயர் இருந்திருக்காது. கணக்கு பேப்பர்களில்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். முதல் இரண்டு செமஸ்டரில் அதில் விழுந்தால், மூன்றாவது செமஸ்டரின் புதுப் பாடங்களோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கும், ஒன்று இரண்டாகும். முதல் அரியர் விழுந்த செமஸ்டருக்கு அடுத்த தேர்விலேயே அதை முடிக்க வேண்டும். அதற்காக அந்த ஒரு செமஸ்டரில் ஆன்லைன் கோர்ஸ், ஹேக்கத்தான் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கலாம். ‘நிலுவை அரியர் இல்லை’ என்பதோடு ‘அரியர் வரலாறே இல்லை’ என்று கேட்கும் கம்பெனிகள் சில உண்டு. அவற்றின் கதவு மூடிவிட்டாலும், முதல் வகைக் கம்பெனிகளின் கதவு திறந்தே இருக்கும்.